‘ஒத்துப்போகிறது’ என்று எழுதினால் போதுமா?

வேளாண் ஆய்வேடுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: “இம்முடிவு இன்னார், இன்னார் ஆகியோரின் முடிவுகளோடு ஒத்துப்போகிறது.” விவாதம் என்ற இயலில் பத்திக்குப் பத்தி இது வரும். அதற்கு முன்னால் உள்ள ஐந்தாறு வரிகள், முந்தைய இயலின் அட்டவணையில் இருந்த எண்களை வாக்கியங்களாக்கித் தந்திருக்கும். செடியின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, மணிகளின் எண்ணிக்கை, விளைச்சல் என்று அட்டவணையின் வரிசையே விவாதத்தின் வரிசையாகவும் இருக்கும்.

‘விவாதத்தில் முடிவுகளைத் திரும்பச் சொல்லாதே, முந்தைய ஆய்வுகளோடு பேசு’ என்று நெறியாளர் திருப்பி அனுப்பினால், மாணவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். ‘ஒத்துப்போகிறது’ வாக்கியத்தில் இன்னும் நான்கு பெயர்களைச் சேர்ப்பார். பெயர்கள் கூடும், பேச்சு தொடங்காது. திரும்பச் சொல்வதை எளிதில் கண்டுபிடித்து வெட்டிவிடலாம். முந்தைய ஆய்வுகளோடு பேசுவதுபோலத் தோன்றி, உண்மையில் தலையாட்டிவிட்டு நகரும் இந்த வாக்கியத்தைத்தான் திருத்துவது கடினம்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. மைக் கிளார்க், இயன் சால்மர்ஸ் இருவரும் 1997 மே மாதத்தில் ஐந்து பெரிய மருத்துவ இதழ்களில் வந்த 26 மருத்துவச் சோதனை அறிக்கைகளின் விவாதப் பகுதிகளைப் பார்த்தார்கள். அதே கேள்வியைப் பற்றிய முந்தைய சோதனைகளை முறையாகத் தொகுத்து, அவற்றோடு தம் முடிவையும் சேர்த்து விவாதித்தவை இரண்டே இரண்டு. 1998-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பு, விவாதப் பகுதிகளைக் கண்டங்களைத் தேடும் தீவுகள் என்று வருணித்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டோகர்டியும் ஸ்மித்தும் விவாதத்துக்கு ஓர் ஒழுங்கை முன்மொழிந்தார்கள்: முக்கிய முடிவு, நம் ஆய்வின் வலுவும் குறையும், பிற ஆய்வுகளோடு ஒப்பிட்டால் அவற்றின் வலுவும் குறையும், பொருள், மிஞ்சும் கேள்விகள். மூன்றாவதாக உள்ளதில் அவர்கள் வலியுறுத்தியது முடிவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை. ஒற்றுமையைச் சொல்வது எளிது, அதில் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதில்லை.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும், பிற பகுதிகளில் தந்த தரவை விவாதத்தில் விரிவாகத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. ஆனால் முக்கிய முடிவைச் சுருக்கமாகச் சொல்லித் தொடங்குவதை அது தடுக்கவில்லை. இதைக் கவனிக்காமல் எண்ணே வரக்கூடாது என்று நினைத்து, எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதே தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு. ஓர் எண்ணை விவாதத்துக்குள் கொண்டுவரலாம், அதை வைத்து ஏதாவது செய்தால்.

என்ன செய்வது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் முழுமையாகப் பார்க்கலாம். திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்கிறேன். 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை இது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, அகன்ற இடைவெளி, கோனோவீடரால் களை எடுப்பு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் என்று தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்றாகவே அறிமுகமானது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம், இதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று கடுமையாக முரண்பட்டவை. முரண்பட்ட இலக்கியத்தின் நடுவில் நின்றுகொண்டு ‘ஒத்துப்போகிறது’ என்று எழுதினால், ஏதோ ஒரு தரப்பைப் படிக்கவே இல்லை என்று பொருள்.

ஒரு மாணவரின் ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை. ஆய்வுப் பண்ணையில், சன்ன ரக நெல்லில், திருந்திய முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டிருக்கிறார். திருந்திய முறையில் 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்றாக, 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில். வழக்கமான முறையில் 28 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு மூன்றாக, 20-க்கு 10 சென்டிமீட்டரில். அவருடைய விவாதத்தின் முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“திருந்திய நெல் சாகுபடியில் ஒரு குத்துக்கு 24 கதிர்த் தூர்கள் இருந்தன. வழக்கமான முறையில் 7 மட்டுமே இருந்தன. கதிருக்கு நிறைந்த மணிகள் முறையே 112, 101. ஹெக்டேருக்கு விளைச்சல் 6.45 டன், 5.30 டன். திருந்திய முறையில் விளைச்சல் 22 விழுக்காடு அதிகம். தூர்கள் அதிகமாக இருந்ததும் வேர்கள் நன்கு வளர்ந்ததும் இதற்குக் காரணமாகலாம். இம்முடிவு தியாகராஜன் முதலானோர், தாக்கூர் முதலானோர் ஆகியோரின் முடிவுகளோடு ஒத்துப்போகிறது.”

இலக்கணப் பிழை இல்லை. எண்கள் சரி. மேற்கோள் காட்டியவையும் உண்மையான, நல்ல ஆய்வுகள். ஆனாலும் இந்தப் பத்தியை நீக்கிவிட்டால் ஆய்வேட்டில் எதுவும் குறையாது.

பிறர் ஆய்வுக்குப் போகுமுன் நம் எண்களையே ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். 24 தூர், 7 தூர் என்ற ஒப்பீடு மூன்று மடங்குக்கு மேல் என்று கண்ணைப் பறிக்கிறது. ஆனால் 25 சென்டிமீட்டர் சதுர நடவில் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்துகள்தான். 20-க்கு 10 நடவில் 50 குத்துகள். ஆக, சதுர மீட்டருக்குக் கதிர்கள் 384-உம் 350-உம். மூன்று மடங்கு என்று தெரிந்த வேறுபாடு சுமார் 10 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. கதிருக்கு மணிகளில் உள்ள வேறுபாடு 11 விழுக்காடு. ஆயிரம் மணி எடை இரண்டிலும் 15 கிராம். கதிர், மணி இரண்டின் விகிதங்களையும் பெருக்கினால் 22 விழுக்காடு உயர்வு கிடைக்கிறது. விளைச்சல் உயர்வில் ஏறக்குறையப் பாதி கதிர் எண்ணிக்கையிலிருந்தும் மறுபாதி கதிர் நிறைந்ததிலிருந்தும் வந்திருக்கிறது. தூர்கள் அதிகமாக இருந்ததைக் காரணமாகக் காட்டிய வாக்கியம் பாதி உண்மை என்பது இப்போது தெரிகிறது. இந்தக் கணக்கு அட்டவணையில் இல்லை. இதுதான் விவாதத்தில் வரத் தகுந்த எண்.

இனி முந்தைய ஆய்வுகள். ஆய்வேட்டின் ‘இலக்கிய மீளாய்வு’ இயலைத் திறந்தால் அவை ஆண்டு வரிசையில் ஒரு பத்திக்கு ஒன்றாக இருக்கும். ‘இன்னார் இத்தனை விழுக்காடு அதிகம் என்று கண்டார்’ என்ற அளவில் ஒவ்வொன்றும் நின்றுவிடும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு விவாதம் எழுத முடியாது. மூலக் கட்டுரைகளை மீண்டும் எடுத்து, இந்த முறை முடிவுகளை விட்டுவிட்டு, ஆய்வு முறையைப் படிக்க வேண்டும். கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டார்கள்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் குழுவினரும் 2000-களின் தொடக்கத்தில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர்களின் வயல்களில் ஒப்பிட்டார்கள். திருந்திய முறையில் சராசரி 7.2 டன், உழவர்களின் வழக்கமான முறையில் 5.7 டன். உயர்வு ஏறக்குறைய 28 விழுக்காடு. இங்கே ஒப்பீட்டுக்கு நிற்பது உழவரின் வழக்கம். புவனேஸ்வரத்தில் தாக்கூரும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு பரிந்துரைக்கப்பட்ட சாகுபடி முறையோடு ஒப்பிட்டது. அங்கே உயர்வு 42 விழுக்காடு. உழவர் வழக்கத்தைவிட 28 கூடுதல் என்பதும், பரிந்துரையைவிட 42 கூடுதல் என்பதும் ஒரே முடிவு ஆகாது. நம் மாணவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டி, தன் 22-ஐ இரண்டோடும் ‘ஒத்துப்போக’ வைத்துவிட்டார்.

மறுபக்கம் அவர் தொடவே இல்லை. மெக்டொனால்ட், ஹாப்ஸ், ரிஹா மூவரும் 2006-இல் திருந்திய முறையைச் சிறந்த மேலாண்மை முறையோடு ஒப்பிட்ட 40 தரவுகளைத் தொகுத்தார்கள். ஓரிடத்தில் ஓராண்டு நடந்த ஒப்பீடு ஒரு தரவு. மடகாஸ்கரின் ஐந்து தரவுகளில் பெரும் உயர்வு தெரிந்தது. அவற்றை நீக்கினால் மீதி 35-இல் 24 இடங்களில் திருந்திய முறை பின்தங்கியது. சராசரி 11 விழுக்காடு குறைவு. அந்த 35-இல் எதிலும் உயர்வு 22 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இதற்கு முன்பே, 2004-இல், ஷீஹி தலைமையிலான குழு சீனாவில் மூன்று இடங்களில் சோதித்து, இந்த முறைக்கு இயல்பான மேன்மை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. அப்ஹாஃப், கசாம், ஸ்டூப் ஆகியோர் 2008-இல் மெக்டொனால்ட் குழுவுக்கு மறுப்பு எழுதினார்கள். தொகுப்பில் சேர்க்கப்பட்ட சில சோதனைகளில் திருந்திய முறை முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவே இல்லை என்பது இத்தரப்பின் வாதங்களில் ஒன்று.

இந்த வழக்கில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது மாணவரின் வேலை இல்லை. தன் 22 விழுக்காடு இந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று காட்டுவதுதான் அவர் வேலை. மெக்டொனால்ட் தொகுப்பில், மடகாஸ்கர் நீங்கலாக, எதுவும் தாண்டாத எல்லையில் அவருடைய எண் நிற்கிறது. கவனமான தேர்வாளர் அதைப் பார்த்ததும் கேட்பார்: உங்கள் வழக்கமான முறை சிறந்த மேலாண்மையா, சராசரி உழவரின் பழக்கமா? 28 நாள் நாற்று, இரண்டே கைக்களை என்று வைத்திருந்தால் அது பின்னது. அப்படியானால் அவர் முடிவு மெக்டொனால்டுக்கு மறுப்பும் ஆகாது, தாக்கூருக்கு ஆதரவும் ஆகாது. தாமிரபரணி ஆய்வுக்கு அருகில் உட்கார வேண்டியது அது. அங்கேயும் ஆறு விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு ஏன் என்ற கேள்வி மிஞ்சும். ரகம், மண், பருவம் என்று அதற்கு விடை தேடலாம். ஆனால் ஒற்றைப் பண்ணை முடிவை 100 வயல்களின் சராசரியோடு வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு வேறுபாட்டுக்கு விளக்கமே தேவையில்லாமலும் இருக்கலாம். எல்லா வேறுபாட்டுக்கும் காரணம் கற்பிக்கும் ஆசை, விவாதத்தைக் கெடுக்கும் இன்னொரு பழக்கம்.

அடுத்து, ஆய்வேட்டின் ‘பொருள்களும் முறைகளும்’ இயலில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. திருந்திய முறைப் பாத்திகளுக்கு மட்டும் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இட்டிருக்கிறார். ஆக, இரண்டு பாத்திகளுக்கும் இடையே ஒரே நேரத்தில் மாறியவை ஆறு: நாற்றின் வயது, குத்துக்கு நாற்று, இடைவெளி, களை எடுத்த முறை, நீர், தொழு உரம். 22 விழுக்காட்டில் எது எவ்வளவு தந்தது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ‘வேர்கள் நன்கு வளர்ந்ததும் காரணமாகலாம்’ என்ற வரி இங்கேதான் சிக்கலாகிறது. வேர் வளர்ச்சி, இலைகளின் நிலை, ஒளியை வாங்கும் திறன் ஆகியவற்றைத் தாக்கூர் குழு அளந்தது. நம் மாணவர் எதையும் தோண்டிப் பார்க்கவில்லை. பிறர் அளந்ததைத் தன் வயலில் நடந்ததாக எழுதுவது கடன் வாங்கிய விளக்கம். அதை எழுதலாம், கடன் என்று தெரியும்படி: புவனேஸ்வரத்தில் ஆழமான வேர்கள் காணப்பட்டன, இங்கும் அதுவே நடந்திருந்தால் கதிருக்கு மணிகள் கூடியதை அது விளக்கும், ஆனால் தொழு உரத்தாலும் அதே விளைவு வரக்கூடும்.

இந்த விஷயத்தில் பொருளியலாளர்கள் வைத்த கேள்வி, பண்ணையில் வேலை செய்பவர்கள் யோசிக்காதது. பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் மடகாஸ்கர் தரவை எடுத்து, உயர்வு முறையால் வந்ததா, நல்ல உழவர்கள் அந்த முறையைத் தேர்ந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்த்தார்கள். கண்ட உயர்வில் பாதி அளவு உழவரின் தன்மைகளால் வந்தது என்று தெரிந்தது. அதைக் கழித்த பிறகும் முறையின் பயன் பெரிதாகவே இருந்தது. ஆய்வுப் பண்ணையில் இரு பாத்திகளையும் ஒரே குழு பயிரிடுவதால், இந்தக் குழப்பம் நம் மாணவரின் 22-இல் பெருமளவு இல்லை. இது அவர் ஆய்வின் வலு. எழுதாமல் விட்டுவிட்டார்! தன் குறைகளைச் சொல்வதில் தயங்குபவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். முந்தைய ஆய்வைச் சரியாகப் படிக்காததால் தன் வலுவையே சொல்லத் தெரியாமல் போவதும் உண்டு.

நீர் பற்றிய பத்தியை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘30 விழுக்காடு நீர் மிச்சமானது, விளைச்சல் குறையவில்லை’ என்று முடித்திருக்கிறார். காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி 56 ஆய்வுகளைத் தொகுத்து கரிஜோ, லண்டி, லின்குவிஸ்ட் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் சராசரி விளைச்சல் 5.4 விழுக்காடு குறைந்தது. ஆனால் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டரைத் தாண்டாத மிதமான காய்ச்சலில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை, நீர் 23 விழுக்காடு அளவுக்கு மிச்சமானது. கடுமையாகக் காயவிட்ட இடங்களில் இழப்பு 22.6 விழுக்காடு. மாணவர் வயலில் துளையிட்ட நீர்க்குழாய் வைக்கவில்லை, மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் நீர் விட்டார். களிமண்ணில் அந்த வெடிப்பு எந்த ஆழத்து நீர்மட்டத்தைக் குறிக்கிறது என்று தெரியாது. ஆகவே அவர் சொல்லக்கூடியது, ‘இழப்பு இல்லாததால் காய்ச்சல் மிதமாக இருந்திருக்கலாம்’ என்பதுதான். அதிலும் ஒரு வளையம் இருக்கிறது: விளைச்சலை வைத்துக் காய்ச்சலை ஊகித்து, அந்தக் காய்ச்சலை வைத்தே விளைச்சலை விளக்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த முதல் பத்தி இப்படி மாறும்:

“உழவர் வழக்கத்தை ஒத்த முறையோடு ஒப்பிட, திருந்திய முறை 22 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. சதுர மீட்டருக்குக் கதிர்கள் 10 விழுக்காடும், கதிருக்கு நிறைந்த மணிகள் 11 விழுக்காடும் கூடியதால் இது கிடைத்தது. குத்துக்குத் தூர் எண்ணிக்கையில் தெரியும் பெரும் வேறுபாட்டை, குத்துகள் குறைவாக இருப்பது பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. இதே வகை ஒப்பீட்டில் தாமிரபரணிப் பகுதி உழவர் வயல்களில் சராசரி உயர்வு சுமார் 28 விழுக்காடு (தியாகராஜன் முதலானோர்). சிறந்த மேலாண்மையோடு ஒப்பிட்ட தொகுப்பில், மடகாஸ்கர் நீங்கலாக, திருந்திய முறை சராசரியாகப் பின்தங்கியது (மெக்டொனால்ட் முதலானோர்). புவனேஸ்வரத்தில் பரிந்துரை முறையைவிட 42 விழுக்காடு முன்னணியில் இருந்தது (தாக்கூர் முதலானோர்). இவ்விரண்டில் எதை நம் முடிவு ஆதரிக்கிறது என்று சொல்ல இயலாது. நம் ஒப்பீட்டு முறையில் 28 நாள் நாற்றும் இரு கைக்களையும் மட்டுமே இருந்தன. தொழு உரம் திருந்திய முறைக்கு மட்டும் இடப்பட்டது. ஒரே குழு இரு பாத்திகளையும் பயிரிட்டதால், பாரெட் முதலானோர் சுட்டிய உழவர் வேறுபாடு இவ்வுயர்வுக்குக் காரணமாக வாய்ப்புக் குறைவு.”

பழைய பத்தியைவிட நீளம்தான். ஆனால் செடி உயரம், 30-ஆம் நாள் தூர், 60-ஆம் நாள் தூர் என்று வரிசையாக வந்த ஏழெட்டுப் பத்திகளை இது விழுங்கிவிடும். அவற்றுக்கு முந்தைய ஆய்வுகளோடு பேச எதுவும் இல்லை, முடிவுகள் இயலிலேயே அவை இருந்துவிட்டுப் போகட்டும். விவாதத்தின் வரிசையை அட்டவணை தீர்மானிக்கக் கூடாது, கேள்விகள் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

திருத்தியது திருந்தியதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மேற்கோள் பெயர்களைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பத்தியைப் படித்துப் பாருங்கள். பொருள் கொஞ்சமும் குறையவில்லை என்றால் அந்தப் பெயர்கள் அலங்காரம். முதல் வரைவில் இரண்டு பெயர்களையும் அடித்தால் எதுவும் ஆகாது. புதிய பத்தியில் மெக்டொனால்டை எடுத்தால், ஒப்பீட்டு முறையைப் பற்றிய வாக்கியம் எதற்கு வந்தது என்றே புரியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சில மாணவர்கள் இந்த அறிவுரையைக் கேட்டதும் பிறர் ஆய்வுகளைப் பக்கம் பக்கமாக விவரித்து, இலக்கிய மீளாய்வையே இரண்டாம் முறை எழுதிவிடுவார்கள். நம் வயலின் எண்களை மறைத்துக்கொண்டு படித்தாலும் பத்தி நிற்கிறது என்றால் அந்தத் தவறு நடந்திருக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இப்படித் திருத்தும்போது ஆய்வின் பெருமை குறைவதுபோலத் தோன்றும். ‘நம் முடிவு இந்த முறையின் மேன்மையை உறுதிசெய்கிறது’ என்ற வரி போய், ‘சொல்ல இயலாது’ என்ற வரி வந்து உட்கார்ந்துவிடுகிறது. நெறியாளர்களில் சிலருக்கே இது பிடிப்பதில்லை. பட்டத் தேர்வில் வாய்மொழிக் கேள்விகளைத் தாண்ட, உறுதியான குரல்தான் உதவும் என்று அவர்கள் நம்புகிறார்கள். புறத்தேர்வாளர் தொழு உரம் பற்றிய அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடித்துக் கேட்டால் அந்தக் குரல் எங்கே போகும் என்பது வேறு கதை.

மாணவரின் விவாத இயலில் கடைசியாக ஒரு பத்தி மிஞ்சுகிறது. பழைய வரைவில் அது ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்று முடிந்தது. இப்போது என்ன ஆய்வு என்று அவருக்கே தெரிகிறது. 14 நாள் நாற்றும் 28 நாள் நாற்றும், 25 சென்டிமீட்டர் சதுர நடவும் 20-க்கு 10 நடவும், தொழு உரத்தோடும் இல்லாமலும் என மூன்றையும் குறுக்கே வைத்தால் எட்டுப் பாத்திகள். குத்துக்கு நாற்றும் களை எடுப்பும் நீரும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல. மூன்று முறை மீளச் செய்தால் 24 பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்குழாய், கதிர் வரும் பருவத்தில் ஒரு குத்தின் வேரைத் தோண்டி எடுத்து அளவு.